மூன்று மில்லியா, ஐந்து மில்லியா?

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் எல்லா பாட்டில்களிலும் ஒரே ரகமல்ல. ஒரு பாட்டிலில் 5 மி.லி.யில் 120 மி.கி. மருந்து இருக்கும், இன்னொன்றில் அதே 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும். நிறமும் இனிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் லேபிளில் ஒரே ஒரு வரி.

புனேயில் வசிக்கும் ஓர் இளம் தாய் அந்த வரியைக் கவனித்தது இரவு பதினோரு மணிக்கு. இரண்டு வயது மகளுக்கு 102 டிகிரி காய்ச்சல். வாங்கி வந்திருந்தது புது பாட்டில். “போன தடவை மாதிரி அஞ்சு மில்லி குடும்மா” என்றார் மாமியார்.

“இது வேற பாட்டில், அத்தை. கொஞ்சம் இருங்க” என்று அவர் லேபிளில் இருந்த அட்டவணையைப் படித்தார். முதல் கட்டத்தில் குழந்தையின் எடை, அடுத்ததில் கொடுக்க வேண்டிய அளவு. மகளின் எடை 10 கிலோ. அதற்கு நேரே 3 மி.லி. என்று இருந்தது.

கணக்கு எளிது. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்பது டாக்டர்கள் பின்பற்றும் அளவு. 10 கிலோவுக்கு 150 மி.கி. புது பாட்டிலில் ஒரு மி.லி.யில் 50 மி.கி. இருப்பதால் 3 மி.லி. போதும். போன தடவை குழந்தையின் எடை 8 கிலோ. தேவைப்பட்டது 120 மி.கி. பழைய பாட்டிலில் அது சரியாக 5 மி.லி. அன்று சரியாக இருந்த அளவு, இன்று 250 மி.கி. ஆகியிருக்கும்.

ஒரு வேளை இப்படிக் கூடிவிட்டால் பொதுவாக ஆபத்தில்லை. ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் ஒரு நாளில் 1,000 மி.கி. சேர்ந்துவிடும். இந்த எடைக்கு 600 மி.கி.யே வழக்கமான உச்சவரம்பு. இரண்டு மூன்று நாள் இப்படியே தொடர்ந்தால் ஈரல் பாதிக்கப்படலாம். முதலில் தெரிவது வாந்தியும் சோர்வும்தான். காய்ச்சலால் வந்தது என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள்.

3 மி.லி.யை எப்படி அளப்பது? அந்த பாட்டில் மூடியில் 2.5, 5 என்ற கோடுகள் மட்டுமே இருந்தன. வீட்டு ஸ்பூன்கள் ஆளுக்கொரு அளவு. அவர் எடுத்தது ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, 3 வரை இழுத்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விட்டார். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறித்தார்.

வயதை வைத்து அளவு பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் இருக்கும், 13 கிலோ குழந்தையும் இருக்கும். அண்மையில் பார்த்த எடையே சரியான ஆதாரம்.

அட்டவணைக்கும் எல்லை உண்டு. சளிக்காகக் கொடுக்கும் சில சிரப்களிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகலாம். அது இந்த லேபிளில் தெரியாது. அந்த இன்னொரு பாட்டிலின் லேபிளில்தான் தெரியும்.