பிளக்கைப் பார்த்தே நாட்டைச் சொல்லலாம், தெரியுமா?

ஒரு நகரத் தெருவின் போட்டோ. பெயர்ப்பலகை இல்லை, கடை போர்டு மங்கல். ஓரத்தில் ஒரு மின்சார கார் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கிறது. எந்த நாடு என்று சொல்ல அந்த ஒயரின் முனையே பாதி வழி கூட்டிப்போய்விடும், தெரியுமா?

முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள்! ஐரோப்பாவின் டைப் 2 பிளக்கில் 7. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பழகிய டைப் 1 பிளக்கில் 5 தான்! டைப் 1 முழு வட்டம். டைப் 2 அப்படி இல்லை. மேல்பக்கம் சீவிய இளநீர் மாதிரி தட்டையாக இருக்கும். தூரத்து போட்டோவில்கூட அந்தத் தட்டை விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்!

ஏன் இந்த இரண்டு ஓட்டை வித்தியாசம்? ஐரோப்பாவில் த்ரீ ஃபேஸ் மின்சாரம் பல வீடுகளுக்கே வருகிறது. மூன்று ஃபேஸுக்கு மூன்று பின் வேண்டாமா? 230 வோல்ட், 32 ஆம்பியர் என்றால் ஒரு ஃபேஸில் சுமார் 7 கிலோவாட். மூன்றும் சேர்ந்தால் 22 கிலோவாட்! அமெரிக்க வீடுகளில் த்ரீ ஃபேஸ் அபூர்வம், அதனால் அந்தக் கூடுதல் பின்களே தேவைப்படவில்லை. அந்த ஊர் மின்கம்பத்தில் ஓடுவது பிளக்கின் முகத்திலேயே தெரிகிறது!

இதைவிட ஆச்சரியம்: ஐரோப்பியத் தெருக்களில் பல சார்ஜர்களுக்கு ஒயரே கிடையாது, தெரியுமா? வெறும் சாக்கெட் மட்டும்தான்! கேபிளைக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரே சுமந்து வர வேண்டும். அமெரிக்காவில் ஒயர் சார்ஜரிலேயே தொங்கும். ஆகவே போட்டோவில் சும்மா நிற்கும் சார்ஜரில் ஒயர் தொங்கவில்லையா? அமெரிக்காவைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடலாம்!

அதைவிட ஒருபடி மேலே லண்டன்! அங்கே தெருவிளக்குக் கம்பமே சார்ஜர்! கம்பத்தின் அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சாக்கெட், அவ்வளவுதான். 2020-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் சதர்லேண்ட் அவென்யூவில் 24 விளக்குக் கம்பங்களை இப்படி மாற்றினார்கள். ஒரு தெரு முழுக்க! லாஸ் ஏஞ்சலஸிலும் விளக்குக் கம்பத்தில் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் அங்கே கம்பத்தின்மேல் தனிப்பெட்டி மாட்டியிருக்கும், அதிலிருந்து ஒயர் தொங்கும். யோசனை ஒன்று, உருவம் இரண்டு!

சரி, ஒரு போட்டோவை அலசுவோமா? விளக்குக் கம்பத்திலிருந்து காருக்கு ஒரு கேபிள் போகிறது. அது கம்பத்துக்குள் நேராகச் செருகியிருக்கிறது, பெட்டி எதுவும் இல்லை. பிளக்கின் மேல்பக்கம் தட்டை, ஆக டைப் 2. ஸ்டீயரிங் வலப்பக்கம்! ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் கழிந்தன. பிரிட்டன் முன்னால் வந்து நிற்கிறது, அதிலும் லண்டனாக இருக்கவே வாய்ப்பு அதிகம்! பிளக்கையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், நம் இந்தியா எல்லாமே வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட டைப் 2 நாடுகள்தான்!

டெஸ்லா சார்ஜர் தெரிந்தால் அமெரிக்காதான் என்று குதிக்கிறீர்களா? பொறுங்கள்! ஒயர் முனையைப் பாருங்கள். கைக்கு அடக்கமாக, சின்னதாக இருந்தால் டெஸ்லாவின் சொந்த வடிவம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதுதான். ஐரோப்பாவில் அதே சார்ஜரில் சிசிஎஸ் 2 என்ற பெரிய முனை தொங்கும். தட்டைத் தலைக்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் இருக்கும். தைவானில் இன்னும் விசேஷம்: 2021-இல் டெஸ்லாவே தன் வடிவத்திலிருந்து சிசிஎஸ் 2-க்கு மாறியது! ஆக அங்கே முனை இடத்தோடு காலத்தையும் சொல்கிறது!

சீனாவின் பிளக் கண்ணையே ஏமாற்றும், தெரியுமா? மெதுவாக ஏற்றும் ஏசி பிளக்கும் 7 பின், அதுவும் டைப் 2 சாயல்தான். ஆனால் ஆண், பெண் தலைகீழ்! ஐரோப்பாவில் காருக்குள் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சீனாவில் கையில் பிடிக்கும் கைப்பிடியில்தான் பின்கள்! வேகமாக ஏற்றும் டிசி பிளக்கோ தடித்த முழு வட்டம், 9 தொடர்புகள்!

இப்போது ஒரு பொறி! அந்தச் சீன வட்டப் பிளக் இந்தியத் தெருவிலும் உண்டு! நம் தொடக்கக் கால 15 கிலோவாட் 'பாரத் டிசி' சார்ஜர்களுக்கு அதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு இரண்டு நாட்டிலும் மின்சார கார்களுக்குப் பச்சை நம்பர் பிளேட்! எப்படிப் பிரிப்பது? எழுத்தின் நிறத்தைப் பாருங்கள்! சீனாவில் வெளிர்பச்சையில் கறுப்பு எழுத்து. இந்தியாவில் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகைக் கார் என்றால் மஞ்சள்!