நோக்கம் குறித்த நன்கொடை: கணக்கில் எழுதும் முறை

ஓர் அறக்கட்டளைக்கு வரும் நன்கொடைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. "எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று சிலர் கொடுப்பார்கள். அந்தப் பணம் பொது நிதியில் சேரும். "இந்தப் பணத்தை இந்த வேலைக்கு மட்டும் செலவிட வேண்டும்" என்று வேறு சிலர் எழுதிக் கொடுப்பார்கள். இது நோக்கம் குறித்த நன்கொடை. இன்னும் சிலர், அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் பயன்படுத்தச் சொல்வார்கள். அது கார்ப்பஸ் எனப்படும் மூலநிதி. மூன்றையும் ஒரே தலைப்பில் எழுதிவிட்டால், எந்தப் பணம் எதற்கு உரியது என்பதை ஆண்டு முடிவில் யாராலும் சொல்ல முடியாது.

நோக்கத்தைக் குறித்தவர் யார் என்பது முக்கியம். வந்த பொதுப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டடத்துக்கென்று அறங்காவலர்கள் ஒதுக்கி வைக்கலாம். அது அவர்களே எடுத்த முடிவு என்பதால், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதை மாற்றவும் முடியும். நன்கொடையாளர் விதித்த நிபந்தனையை அப்படி மாற்ற முடியாது. அதற்கு அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். ஆகவே இரண்டையும் வெவ்வேறு தலைப்புகளில் காட்ட வேண்டும்.

வந்த உடனே வருவாய் ஆகாது

லாப நோக்கமற்ற அமைப்புகளுக்காக இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்லும் முறை இது: நோக்கம் குறித்த நன்கொடை வங்கிக்கு வந்ததும் அது வருவாயில் சேராது. இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்தில், அதற்கென்று திறந்த தனி நிதிக் கணக்கில் நிற்கும். குறித்த வேலைக்குச் செலவு நடக்க நடக்க, நடந்த செலவுக்குச் சமமான தொகை மட்டும் அந்த நிதியிலிருந்து வருவாய்க்கு மாறும். செலவு செய்யும் வரை அது சுதந்திரமாகப் புழங்கக்கூடிய பணம் அல்ல என்பதே இதன் அடிப்படை.

ஒரு மாதிரிக் கணக்கில் இதைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்த, ஓர் அறக்கட்டளைக்கு 2024 ஜூலையில் ரூ. 6,00,000 வருகிறது. நன்கொடைக் கடிதத்தில் மூன்று இனங்கள் உள்ளன: ஆகஸ்ட் முதல் 12 மாதங்களுக்கு ஆசிரியர் மதிப்பூதியம் ரூ. 4,20,000, கணினிகளுக்கு ரூ. 1,50,000, நோட்டுப் புத்தகங்களுக்கு ரூ. 30,000. கிடைக்கும் வங்கி வட்டியும் இதே வேலைக்கு உரியது என்றும், மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

முதல் பதிவு எளிது. வங்கிக் கணக்கில் ரூ. 6,00,000 பற்று, "மாலைப் படிப்பு மைய நிதி" என்ற புதிய கணக்கில் ரூ. 6,00,000 வரவு. கடிதத்தின் நகலை அந்த வவுச்சருடன் கோக்க வேண்டும். பின்னால் எழும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை அந்தக் கடிதத்தில்தான் இருக்கும்.

செலவுக்கு இரண்டு பதிவுகள்

ஆசிரியர்களுக்கு மாதம் ரூ. 35,000. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு மாதங்களுக்கு ரூ. 2,80,000 ஆகிறது. மார்ச் மாத மதிப்பூதியம் ஏப்ரல் மாதம்தான் கையில் கொடுக்கப்பட்டது. ஆனாலும் வேலை மார்ச்சில் நடந்துவிட்டதால், அந்த ரூ. 35,000 மார்ச் மாதச் செலவுதான். அது "கொடுபட வேண்டிய மதிப்பூதியம்" என்று பொறுப்பில் நிற்கும். நோட்டுப் புத்தகங்களுக்கு ரூ. 22,000 செலவாகியிருக்கிறது.

இந்தச் செலவுகளுக்கு வழக்கமான செலவுப் பதிவு உண்டு. அதோடு ரூ. 3,02,000-க்கு இரண்டாவது பதிவு ஒன்றும் போட வேண்டும்: மாலைப் படிப்பு மைய நிதி பற்று, நன்கொடை வருவாய் வரவு. வருவாய் செலவினக் கணக்கில் செலவும் அதே அளவு வருவாயும் எதிரெதிரே வந்து நிற்கும். இந்த வேலையால் உபரியும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை.

பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பதிவைத்தான். விட்டால் செலவு முழுவதும் பொது நிதியைத் தின்றதுபோல் தெரியும், நிதிக் கணக்கோ ரூ. 6,00,000 அப்படியே இருப்பதாகக் காட்டும். மாதம் ஒருமுறை இதைப் போட்டுவிட்டால் ஆண்டு முடிவில் தேடி அலைய வேண்டியதில்லை.

கணினி வாங்கினால்

கணினி ஒரே ஆண்டில் தீர்ந்துபோகும் செலவு அல்ல, அது சொத்து. அக்டோபர் தொடக்கத்தில் ரூ. 1,50,000-க்கு வாங்கியதும் கணினி கணக்கில் பற்று, வங்கியில் வரவு. நன்கொடையாளரைப் பொறுத்தவரை அவர் கொடுத்த பணம் உரிய வேலைக்குச் செலவாகிவிட்டது. அதனால் நிதிக் கணக்கிலிருந்து ரூ. 1,50,000 கழிய வேண்டும். ஆனால் அந்தத் தொகை நேராக வருவாய்க்குப் போகாது. "ஒத்திவைத்த வருவாய்" என்ற கணக்குக்கு மாறி அங்கே காத்திருக்கும்.

கணினியின் ஆயுள் மூன்று ஆண்டுகள் என்று கொண்டால், ஆண்டுக்கு ரூ. 50,000 தேய்மானம். முதல் ஆண்டில் ஆறு மாதங்களே பயன்பட்டதால் ரூ. 25,000. அதே ரூ. 25,000 ஒத்திவைத்த வருவாயிலிருந்து அந்த ஆண்டின் வருவாய்க்கு மாறும். மார்ச் 31 அன்று கணினியின் ஏட்டு மதிப்பு ரூ. 1,25,000, ஒத்திவைத்த வருவாய் இருப்பும் ரூ. 1,25,000. கணினி முழுதும் தேயும்போது இதுவும் தீர்ந்துவிடும்.

ஆண்டு முடிவில் நிதியின் நிலை

வங்கி வட்டியாக ரூ. 9,000 கிடைத்ததாகக் கொள்வோம். கடிதத்தின்படி அது பொது வட்டி வருவாயில் சேராது, நிதியிலேயே சேரும். 2025 மார்ச் 31 அன்று நிதிக் கணக்கு இப்படி இருக்கும்:

பெற்ற நன்கொடை: ரூ. 6,00,000
சேர்ந்த வட்டி: ரூ. 9,000
கழிக்க, மதிப்பூதியமும் நோட்டுப் புத்தகமும்: ரூ. 3,02,000
கழிக்க, கணினி: ரூ. 1,50,000
மீதி: ரூ. 1,57,000

இந்த மீதி சரிதானா என்று இரண்டு வழிகளில் பார்க்கலாம். முதல் வழி கடிதத்தை வைத்துப் பார்ப்பது. இன்னும் நான்கு மாத மதிப்பூதியம் ரூ. 1,40,000, நோட்டுப் புத்தகத்தில் மீதி ரூ. 8,000, வட்டி ரூ. 9,000. கூட்டினால் ரூ. 1,57,000 வருகிறது.

இரண்டாவது வழி வங்கியை வைத்துப் பார்ப்பது. இந்தத் திட்டத்துக்கென்று வங்கியில் ரூ. 1,92,000 இருக்க வேண்டும். நிதி மீதியைவிட இது ரூ. 35,000 கூடுதல். அந்த வித்தியாசம் ஏப்ரலில் கொடுக்கப்போகும் மார்ச் மதிப்பூதியம். இப்படி ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பெயர் சொல்ல முடிந்தால் கணக்கு சரி.

நன்கொடையாளருக்கு அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழ் இந்த நிதிக் கணக்கிலிருந்துதான் எழுத வேண்டும். அதில் கணினிக்கான ரூ. 1,50,000 முழுவதும் செலவாகக் காட்டப்படும். வருவாய் செலவினக் கணக்கிலோ தேய்மானம் ரூ. 25,000 மட்டுமே தெரியும். இரண்டும் முரண் அல்ல, ஆனால் இணைக்கும் குறிப்பு ஒன்றைக் கூடவே வைக்காவிட்டால் தணிக்கையில் கேள்வி எழும்.

தவறுகள் எங்கே நேர்கின்றன

மிகப் பரவலான தவறு, வந்த தொகை முழுவதையும் அந்த ஆண்டின் வருவாயாக எழுதுவது. மேற்சொன்ன கணக்கில் வட்டியோடு ரூ. 6,09,000 வருவாய், தேய்மானத்தோடு ரூ. 3,27,000 செலவு. உபரி ரூ. 2,82,000 என்று தெரியும். அறங்காவலர்கள் அதை நம்பிப் புதிய செலவுகளுக்கு ஒப்புதல் கொடுத்துவிடக்கூடும். அடுத்த ஆண்டு அதே வேலையின் மீதிச் செலவு வரும்போது எதிரே காட்ட வருவாய் இருக்காது.

இரண்டாவது தவறு கைமாற்று. பொது நிதியில் பணம் இல்லாத மாதத்தில், அலுவலக வாடகையைத் திட்டப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு "பிறகு வைத்துவிடலாம்" என்று நினைப்பது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நோக்கம் குறித்த எல்லா நிதிகளின் மீதியையும் கூட்டி, அவற்றின் கொடுபட வேண்டிய தொகைகளையும் சேர்க்க வேண்டும். திட்ட வேலைக்காக ஊழியர்களிடம் முன்பணம் இருந்தால் அதைக் கழிக்க வேண்டும். வங்கி இருப்பும் வைப்புத்தொகையும் சேர்ந்து அந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தால், யாரோ ஒருவரின் நன்கொடை வேறு வேலைக்குப் போயிருக்கிறது.

மூன்றாவது, முன்பணத்தைச் செலவாக எழுதுவது. ஒருங்கிணைப்பாளரிடம் பொருள் வாங்க ரூ. 10,000 கொடுத்தால் அது இன்னும் செலவு ஆகவில்லை. பில் வந்து, மீதி திரும்பி, கணக்கு முடிந்த பிறகுதான் நிதியிலிருந்து கழிக்க வேண்டும்.

நான்காவது, ஒரே பில்லை இரண்டு நன்கொடையாளர்களுக்குக் காட்டுவது. பெரும்பாலும் இது கவனக்குறைவால் நேர்கிறது. பில் மேலேயே "மாலைப் படிப்பு மைய நிதியில் எழுதப்பட்டது" என்று முத்திரை வைத்துவிட்டால் இது நேராது. டேலியில் கணக்கு வைப்பவர்கள் ஒவ்வொரு நன்கொடைக்கும் ஒரு காஸ்ட் சென்டர் திறந்து, வவுச்சர் போடும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

செலவு நிதியைத் தாண்டினால், நிதியில் இருக்கும் தொகை வரைதான் வருவாய்க்கு மாற்ற முடியும். மிஞ்சியது பொது நிதியின் சுமை. நிதிக் கணக்கு பற்று இருப்பைக் காட்டினால், கூடுதல் தொகை தருவதாக நன்கொடையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பதிவு தவறு.

சட்டம் கேட்கும் வேறு கணக்குகள்

வருமான வரிக்கான கணக்கீடு இதிலிருந்து வேறுபடும். மூலநிதி அல்லாத நன்கொடைகள் பொதுவாக வந்த ஆண்டின் வருமானமாகவே எடுத்துக்கொள்ளப்படும், அதில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. ஆகவே புத்தகத்தில் நிதியாக நிற்கும் ரூ. 1,57,000-ஐ வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை ஆடிட்டருடன் மார்ச்சுக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடை என்றால் கட்டுப்பாடுகள் இன்னும் அதிகம். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உள்நாட்டுப் பணத்துடன் கலக்காமல் தனிப் புத்தகமும் வைக்க வேண்டும்.

திட்டம் முடிந்த பிறகு

2025 ஜூலையுடன் மாலைப் படிப்பு மையத்தின் ஓராண்டு முடிகிறது. மதிப்பூதியம் முழுவதும் கொடுத்து, நோட்டுப் புத்தகம் வாங்கிய பின் ரூ. 9,000 மிஞ்சினால் அதற்கு இரண்டே வழிகள். திருப்பிக் கொடுத்தால் நிதி பற்று, வங்கி வரவு. இன்னொரு மாதம் வகுப்பு நடத்த அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி நன்கொடையாளர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, செலவான பின் முன்போலவே மாற்றுப் பதிவு போட வேண்டும். அவரிடம் கேட்காமல் பொது நிதிக்கு மாற்றக் கூடாது. மீதி பூஜ்யமானதும் நிதிக் கணக்கை மூடலாம். கணினிகளுக்கான ஒத்திவைத்த வருவாய்க் கணக்கு மட்டும், அவற்றின் தேய்மானம் முடியும் 2027 செப்டம்பர் வரை புத்தகத்தில் தொடரும்.