விற்ற மறுநாள் வாங்கக் கூடாது

ஒரு பங்கின் ஆறு நாள் விலை உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 100, 104, 107, 98, 105, 102 ரூபாய். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பங்குதான் கையில் இருக்கலாம். அதை விற்ற பிறகுதான் அடுத்தது வாங்கலாம். இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. விற்ற மறுநாள் எதுவும் வாங்கக் கூடாது; அந்த ஒரு நாள் ஓய்வு. இந்த ஆறு நாளில் அதிகபட்சம் எத்தனை ரூபாய் லாபம் பார்க்க முடியும்?

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கும் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் இது தெரிந்த கணக்கு. லீட்கோட் தளத்தில் இதற்கு 309 என்று எண். நம் பங்குச் சந்தையில் இப்படி ஓர் ஓய்வு நாள் விதி கிடையாது; இது கணக்குக்காகப் போட்ட விதி. ஆனால் இந்த ஒற்றை விதி சேர்ந்ததும் கணக்கின் குணமே மாறிவிடுகிறது. அது எப்படி என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

விதி இல்லாவிட்டால் யோசிக்கவே வேண்டாம். விலை ஏறும் நாட்களில் பங்கு கையில் இருக்க வேண்டும், இறங்கும் நாட்களில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 100க்கு வாங்கி 107க்கு விற்றால் 7 ரூபாய். மறுநாளே 98க்கு வாங்கி 105க்கு விற்றால் இன்னொரு 7. மொத்தம் 14. ஒவ்வொரு நாளும் அன்றைக்கு எது நல்லதோ அதைச் செய்தாலே போதும்.

இப்போது ஓய்வு நாளைச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாம் நாள் உச்ச விலையான 107க்கு விற்றால், நான்காம் நாள் கை கட்டி உட்கார வேண்டும். விலை 98க்கு இறங்குவது அன்றைக்குத்தான். ஐந்தாம் நாள் வாங்கலாம் என்றால் விலை 105. அதற்கு மறுநாள் 102. வாங்கினால் நஷ்டம். ஆக, உச்சத்தில் விற்றவருக்குக் கிடைத்தது 7 ரூபாயோடு சரி. இரண்டாம் நாளே 104க்கு விற்றவரோ மூன்றாம் நாளை ஓய்வில் கழித்துவிட்டு, நான்காம் நாள் 98க்கு வாங்கி, ஐந்தாம் நாள் 105க்கு விற்கிறார். 4 ரூபாயும் 7 ரூபாயும் சேர்ந்து 11. மூன்று ரூபாயை விட்டுக்கொடுத்து ஏழு ரூபாயைப் பிடித்திருக்கிறார்.

விலை இன்னும் ஏறப்போகிறது என்று தெரிந்தும் ஒரு நாள் முன்னதாக விற்பதுதான் இங்கே சரியான முடிவு. அன்றைய விலையையும் மறுநாள் விலையையும் மட்டும் ஒப்பிடுகிற எந்த முறையும் இந்த முடிவுக்கு வராது. அப்படியானால் எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்துவிடலாமா? ஆறு நாளுக்கு, விதியை மீறாத வழிகள் மொத்தம் 37. காகிதத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு நாள் கூடும்போதும் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகிறது. 250 நாளுக்குப் போனால் அது 60 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண். எந்தக் கணினியும் அதை எண்ணி முடிக்காது.

இங்கேதான் டைனமிக் புரோகிராமிங் வருகிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் 1950களில் வளர்த்தெடுத்த முறை இது. 1957இல் இதே பெயரில் நூலும் வெளியிட்டார். அவர் கண்ட அடிப்படை உண்மை இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். நாளைக்கு என்ன செய்யலாம் என்பது இன்று மாலை நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததே தவிர, அந்த நிலைக்கு எந்த வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. எனவே ஒரே நிலைக்கு நூறு வழிகள் வந்து சேர்ந்தாலும், அதிகப் பணத்தோடு வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற தொண்ணூற்றொன்பதையும் மறந்துவிடலாம்.

எத்தனை நிலைகள் தேவை என்பதுதான் கேள்வி. பங்கு இருக்கிறது, இல்லை என்று இரண்டு போதும் என்று முதலில் தோன்றும். போதாது. பங்கு இல்லாதவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் நாளைக்கு வாங்கலாம்; இன்றுதான் விற்ற இன்னொருவர் வாங்கக் கூடாது. நாளைய உரிமை வேறுபடுவதால் இவர்களை ஒரே நிலையில் அடைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நாளின் முடிவிலும் மூன்று நிலைகள்: பங்கு கையில் இருந்தால் ‘கையிருப்பு’, அன்று விற்றிருந்தால் ‘விற்ற நாள்’, பங்கும் இல்லை, அன்று விற்கவும் இல்லை என்றால் ‘தயார்’.

இந்த மூன்றையும் வட்டங்களாக வரைந்து, ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு எப்படிப் போகலாம் என்று அம்பு போடுங்கள். தயாராக இருப்பவர் அப்படியே இருக்கலாம், அல்லது வாங்கிக் கையிருப்புக்குப் போகலாம். கையிருப்பில் இருப்பவர் அப்படியே வைத்திருக்கலாம், அல்லது விற்று விற்ற நாளுக்குப் போகலாம். விற்ற நாளிலிருந்து புறப்படுவது ஒரே அம்பு, அது தயாருக்கு. மொத்தம் ஐந்து அம்புகள். விற்ற நாளிலிருந்து கையிருப்புக்கு அம்பு இல்லை. ஓய்வு நாள் விதி முழுவதும் அந்த இல்லாத அம்பில்தான் இருக்கிறது. இப்படி வட்டங்களும் அம்புகளுமாக ஒரு கணக்கின் விதிகளைச் சொல்லும் படத்தைக் கணினித் துறையில் ஸ்டேட் மெஷின் என்பார்கள். வழக்கமாக நிரலுக்குள் ‘நேற்று விற்றாயா?’ என்று நிபந்தனை மேல் நிபந்தனையாக எழுதுவதை, இந்தப் படம் தேவையில்லாமல் ஆக்கிவிடுகிறது.

இனி ஒவ்வொரு நாளும் மூன்று எண்களை எழுதினால் போதும். ஒவ்வொன்றும் அந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் அதிகபட்சம் எவ்வளவு பணம் இருக்க முடியும் என்பதைச் சொல்லும். பூஜ்யத்தில் தொடங்குகிறோம், வாங்கும்போது விலை கழியும், விற்கும்போது சேரும். கையிருப்பில் எதிர்மறை எண் வந்தால் பயப்பட வேண்டாம், பணம் பங்காக மாறியிருக்கிறது என்று பொருள்.

| நாள் | விலை | கையிருப்பு | விற்ற நாள் | தயார் |
|---|---|---|---|---|
| 1 | 100 | -100 | முடியாது | 0 |
| 2 | 104 | -100 | 4 | 0 |
| 3 | 107 | -100 | 7 | 4 |
| 4 | 98 | -94 | -2 | 7 |
| 5 | 105 | -94 | 11 | 7 |
| 6 | 102 | -94 | 8 | 11 |

முழுக் கணக்கும் மூன்றாம் நாள் வரிசையில் இருக்கிறது. அங்கே 7 என்றும் 4 என்றும் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 7 உச்ச விலையில் விற்றவருடையது. 4 முந்தைய நாளே விற்றுவிட்டு அன்று ஓய்வில் இருந்தவருடையது. பணத்தை மட்டும் பார்த்தால் 4ஐ அழித்துவிடத் தோன்றும். அழித்தால் விடை தவறிவிடும், ஏனென்றால் மறுநாள் வாங்கும் உரிமை 4 வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. நான்காம் நாள் அவர் 98 கொடுத்து வாங்கும்போது கையிருப்பு -94 ஆகிறது. முதல் நாளிலிருந்து பங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் -100ஐ விட அது மேல் என்பதால், -100 மறக்கப்படுகிறது. குறைந்த பணமும் கூடுதல் சுதந்திரமும் கொண்ட ஒருவரை இன்னொரு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது நடந்தது. நிலைகளைப் பிரிப்பதன் பயன் இதுவே: வெவ்வேறு உரிமை உள்ளவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல் காப்பது.

கடைசி நாளில் பங்கு கையில் இல்லாத இரண்டு நிலைகளான 8, 11 இரண்டில் பெரியதே விடை. எந்தெந்த நாளில் வாங்கி விற்றோம் என்று அறிய, வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும். ஆறாம் நாளின் 11 ஐந்தாம் நாள் விற்றதிலிருந்து வந்தது. அந்த 11 நான்காம் நாளின் -94இலிருந்தும், அது மூன்றாம் நாளின் 4இலிருந்தும், அந்த 4 இரண்டாம் நாள் விற்றதிலிருந்தும் வந்தவை.

பைத்தானில் இது சில வரிகள்தான்:

```python
def best(prices):
    hold = sold = float("-inf")
    rest = 0
    for p in prices:
        hold, sold, rest = max(hold, rest - p), hold + p, max(rest, sold)
    return max(sold, rest)
```

இங்கே `hold` கையிருப்பு, `sold` விற்ற நாள், `rest` தயார். சுழலுக்குள் மூன்றும் ஒரே வரியில் மாற்றப்படுவதைக் கவனியுங்கள். வலப்பக்கத்தில் உள்ளவை எல்லாம் நேற்றைய எண்கள். இதே வரியை மூன்று தனி வரிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் பிழை நுழைகிறது. `sold` முதலில் இன்றைய எண்ணாக மாறிவிடும். அடுத்த வரியில் `rest` அந்த இன்றைய எண்ணை எடுத்துக்கொள்ளும். இன்று விற்றவர் இன்றே தயாராகிவிடுவார். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது, ஓய்வு நாள் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். நம் ஆறு நாள் விலையைக் கொடுத்தால் 11க்குப் பதில் 14 வரும். விதியே இல்லாதபோது வந்த விடையல்லவா அது? அந்த எண்ணைக் கண்டதும் எந்த வரியில் தவறு என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பிழை தொடக்கத்தில் வரும். `hold`ஐயும் பூஜ்யத்தில் தொடங்கினால், பணம் கொடுக்காமலே ஒரு பங்கு கையில் இருப்பதாக ஆகிவிடும். அப்போது விடை 111. இலவசமாக வந்த பங்கின் முதல் நாள் விலையான 100 அப்படியே கூடியிருக்கிறது. எதிர்மறை முடிவிலியில் தொடங்குவது, ‘இந்த நிலைக்கு இன்னும் யாரும் வரவில்லை’ என்று சொல்வதற்காகத்தான்.

படம் கையில் இருந்தால் விதியை மாற்றுவதும் எளிது. ஓய்வு இரண்டு நாள் என்றால் விற்ற நாளுக்கும் தயாருக்கும் நடுவே இன்னொரு வட்டம் போட்டால் போதும். நம் எடுத்துக்காட்டில் அப்போது விடை 7க்கு இறங்கிவிடும். இரண்டாம் நாள் விற்றவரும் 98ஐப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு விற்பனைக்கும் தரகுக் கட்டணம் உண்டென்றால், விற்கும் அம்பில் அதைக் கழிக்க வேண்டும். கட்டணம் 3 ரூபாய் என்றால் இரண்டு முறை விற்றவருக்கு 5, ஒரு முறை விற்றவருக்கு 4. கட்டணம் 4 ரூபாயானால் இருவருக்கும் 3. அதற்கு மேல் போனால் உச்சத்தில் ஒரே முறை விற்பதே மேல்.

இதை வைத்துச் சந்தையில் பணம் பண்ணலாம் என்று யாரும் இறங்கிவிடக் கூடாது. இந்த முறைக்கு ஆறு நாள் விலையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலை, 98 என்ற எண்ணைக் காணாத ஒருவருக்கு, 104க்கு விற்பதா வைத்திருப்பதா என்று இந்த அட்டவணை எதுவும் சொல்லாது. அது இரண்டு வாய்ப்புகளையும் திறந்தே வைத்திருக்கும். முடிந்துபோன விலைகளின் மீது ஓட்டினால் அது அளவுகோலாகப் பயன்படும். விதி இல்லாமல் 14, விதியோடு 11 என்றால், அந்த ஆறு நாளில் அந்த விதியின் விலை 3 ரூபாய்.