சுகர் மாத்திரை கொடுத்தாச்சா, இல்லையா? குழப்பத்தைத் தீர்க்கும் நான்கு கட்டம்!

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பல வீடுகளில் காலை என்பது ஒரே ஓட்டம்தான். பட்டாசு ஆலை வேன் வருவதற்குள் சமையல், தண்ணீர், பிள்ளைகள் என எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் மருமகள் 6.30 மணிக்கு மாமனாருக்கு சுகர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேன் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது தெரியாத மாமியார், 8 மணிக்கு இட்லி வைக்கும்போது இன்னொன்றைக் கொடுக்கிறார். பெரியவரும் ஞாபகமில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இருவருமே அக்கறையாகத்தான் கொடுத்தார்கள். ஆனால், டோஸ் இரட்டிப்பாகிவிட்டது.

அது கிளிமிபிரைடு மாத்திரையாக இருந்தால் ஆபத்து அதிகம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து இது. இரண்டு முறை போனால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவை அறிகுறிகள். வயதானவர்கள் சும்மா தூங்குவதுபோலக்கூடத் தெரியலாம்.

குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்துவிட்டாரே என்று விட்டுவிடக் கூடாது. இந்த மருந்தின் வேகம் ஒரு நாள் வரை இருக்கலாம், சர்க்கரை மீண்டும் இறங்கும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் பண்ணுங்க.

பால் கணக்கு மாதிரிதான்!

காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம் இல்லையா? அதேபோலத்தான் இதுவும். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: மருந்து, அளவு, நேரம், கொடுத்தவர். மாத்திரை டப்பா பக்கத்திலேயே நோட்டை வைத்து, பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். 'கிளிமிபிரைடு, 1, காலை 6.30, மருமகள்' என்று எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் தனக்கென ஒரு குறி போடலாம்.

முக்கியமான விதி ஒன்றுதான். நோட்டைப் பார்த்த பிறகே மாத்திரையை எடுக்கணும், அவர் விழுங்கிய பிறகே எழுதணும். முன்கூட்டியே எழுதிவிட்டு, அவர் வேண்டாம் என்று துப்பிவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

மருந்தின் பெயரை அட்டையில் சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். அரசு மருத்துவமனையில் வாங்கிய மாத்திரையும், மெடிக்கலில் வேறு கம்பெனிப் பெயரில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருக்கலாம். நோட்டில் ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எழுத மறந்துட்டா?

தினமும் இரவு அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எழுதி வைத்தால், காலையில் எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். அப்போதும் சந்தேகம் என்றால், இந்த மாத்திரையைத் திரும்பக் கொடுக்காதீர்கள். ஒருவேளை விட்டுப்போனால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், இரட்டிப்பானால் உயிருக்கே ஆபத்து. ஆனால் வலிப்பு, இதய மாத்திரைகளுக்கு இது பொருந்தாது. அவற்றை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும்.