கரண்ட் போனதும் கணினி ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது?

கரண்ட் போகிறது. இன்வெர்ட்டரிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். ஃபேன் வேகம் குறையாமல் சுற்றுகிறது, டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டுகிறது. டெஸ்க்டாப் மட்டும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து கிளம்புகிறது. "இன்வெர்ட்டர் இருந்துமா இப்படி?" என்று கடைக்காரரிடம் கேட்டால், பாதிப்பேர் கணினியைக் குறை சொல்வார்கள், மீதிப்பேர் இன்வெர்ட்டரை. பெரும்பாலும் இரண்டுமே பழுதாகியிருக்காது.

அந்த 'டிக்' ரிலே இடம் மாறும் சத்தம். லைன் கரண்டை விட்டுப் பேட்டரி கரண்டுக்கு மாறும் அந்த இடைவெளியில் வீட்டுக்குள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடில் இருந்தால் இடைவெளி சுமார் 10 மில்லிசெகண்ட். ஈகோ மோடில் இருந்தால் 15 முதல் 40 வரை போகலாம். ஃபேனுக்கு இது பொருட்டே இல்லை. கணினியோ அதுவரை தன் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரின் சேமிப்பில் ஓடியாக வேண்டும். மொட்டைமாடித் தொட்டி மாதிரிதான்: மோட்டார் நின்றபின் எவ்வளவு நேரம் தண்ணீர் வரும் என்பது, நிற்கும்போது தொட்டியில் எவ்வளவு இருந்தது, எத்தனை குழாய் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சேமிப்பு குறைந்தால் எஸ்எம்பிஎஸ் 'மின்சாரம் சரி' என்று மதர்போர்டுக்குத் தரும் சிக்னலை நிறுத்திவிடும். அந்த நொடியே கணினி ரீசெட். முழுச் சுமையில் சுமார் 17 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும் என்பதே ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்களுக்கு நெடுங்காலமாக இருந்த அளவு.

சாதாரண எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்துக் கணக்குப் போடலாம். கெபாசிட்டர் 330 மைக்ரோஃபாரட். கணினி இழுப்பது 150 வாட். உள்ளே 220 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ் கைவிட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். லைனில் 230 வோல்ட் வரும்போது கெபாசிட்டர் 325 வோல்ட் வரை நிரம்பியிருக்கும். பயன்படும் சேமிப்பு சுமார் 9 ஜூல். 60 மில்லிசெகண்ட் ஓடும். லைனில் 180 வோல்ட்தான் என்றால் கெபாசிட்டரில் 254 வோல்ட்தான் இருக்கும். சேமிப்பு 3 ஜூலுக்கும் கீழே. 18 மில்லிசெகண்டுகூடத் தாங்காது. இது ஏட்டுக்கணக்கு. கெபாசிட்டர் பழசாகியிருந்தால் இன்னும் குறையும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டு 300 வாட் இழுத்தால் நேராகப் பாதி.

பகலில் நடக்காதது மாலையில் நடப்பதன் ரகசியம் இதுதான். ஈகோ மோடில் லைன் சுமார் 100 வோல்ட்டுக்கு இறங்கும்வரை இன்வெர்ட்டர் அசையாது. கரண்ட் சட்டென்று அறுபடாமல் சரிந்து சரிந்து போனால், ரிலே மாறுவதற்கு முன்பே கெபாசிட்டர் காலியாகிவிடும். பெட்டியில் அச்சிட்ட சேஞ்ச்ஓவர் நேரம் இதைச் சொல்வதில்லை.

சோதிப்பது எளிது. திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு, கணினியைக் கனமாக ஓடவிட்டு, இன்வெர்ட்டருக்கு வரும் மெயின் சுவிட்சை அணையுங்கள். இங்கேயே ரீஸ்டார்ட் ஆனால் சேஞ்ச்ஓவர் நேரம் கூடுதல், அல்லது எஸ்எம்பிஎஸ் தளர்ந்துவிட்டது. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இங்கே தாங்கி, நிஜமாகக் கரண்ட் போகும்போது மட்டும் விழுந்தால் சந்தேகம் லோ வோல்டேஜின் மேல்.

செலவில்லாத முதல் வைத்தியம், இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடுக்கு மாற்றுவது. பல மாடல்களில் அதற்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஆனால் இந்த மோடில் இன்வெர்ட்டர் ஏறக்குறைய 180 முதல் 260 வோல்ட் வரைதான் லைனை ஏற்கும். மாலையானால் 170க்கு இறங்கும் ஊரில் அது கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குப் போய்விடும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகவே ஆகாது.

அந்த ஊர்களுக்கு என் யோசனை வேறு. இன்வெர்ட்டர் ஈகோ மோடிலேயே இருக்கட்டும். கணினிக்கு மட்டும் இடையில் ஒரு லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ் வையுங்கள். குறைந்த வோல்டேஜை அது தானே தூக்கிக் கொடுக்கும், சில மில்லிசெகண்டில் மாறும். பின்னால் இன்வெர்ட்டர் இருப்பதால் அது தாங்க வேண்டியது சில நொடிகள்தான். பெரிய பேட்டரிக்குக் காசு கொட்ட வேண்டாம். பெட்டியில் விஏவைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். சாதாரணக் கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும், கேமிங் கணினிக்குப் போதாது. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால், அந்த அலையைச் சில யூபிஎஸ்கள் கரண்டாகவே ஏற்காமல் தங்கள் பேட்டரியைத் தீர்த்துவிடும். கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் சில, மலிவான யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது அணைந்துவிடும். அவற்றுக்கு சைன் வேவ் யூபிஎஸ்தான் நல்லது.

இடைவெளியே இல்லாத ஆன்லைன் யூபிஎஸ்ஸும் உண்டு. விலை அதிகம், ஃபேன் இரைச்சல், நாள் முழுக்கக் கொஞ்சம் கரண்டையும் தின்னும். சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அது சரி, வீட்டு மேசைக்குத் தேவையில்லை. எந்த யூபிஎஸ் வாங்கினாலும் லேசர் பிரின்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் வாட் சின்ன யூபிஎஸ்ஸைப் படுக்க வைத்துவிடும், கூடவே கணினியையும்.