பக்கவாட்டில் நகரும் ரோபோ எங்கே வழுக்குகிறது?

விமானத்தின் உடல்பகுதியைச் சுமந்துகொண்டு தொழிற்கூடத்துக்குள் ஊர்ந்து போகும் ஒரு தட்டையான வண்டி உண்டு. ஜெர்மனியின் கூக்கா நிறுவனம் செய்த ஓம்னிமூவ் அது. வளைந்து திரும்ப இடமில்லாத மூலையில், முகத்தைத் திருப்பாமலே அப்படியே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கல்லூரிப் போட்டிகளில் ஓடும் சின்ன ரோபோக்களும் இதையே செய்கின்றன. இரண்டிலும் இருப்பது மெக்கானம் சக்கரம். சுவீடனின் மெக்கானம் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பெங்ட் இலோன் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது.

இந்தச் சக்கரத்துக்கு டயர் கிடையாது. விளிம்பைச் சுற்றிலும் பீப்பாய் வடிவ ரப்பர் உருளைகள், சக்கரத்தின் அச்சுக்கு 45 பாகை சாய்வாகப் பூட்டப்பட்டிருக்கும். சக்கரத்தை மோட்டார் சுழற்றும். உருளைகளை எதுவும் சுழற்றாது. தள்ளுகிற பக்கம் தாமாகவே உருளும். அதனால் ஒரு சக்கரம் தரையை உந்தும்போது, அந்த விசை நேராகப் போகாமல் உருளையின் அச்சு வழியே சாய்வாகப் போகிறது. முன் இடது சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினால் அது வண்டியை முன்னும் வலதுமாகத் தள்ளும்; முன் வலது சக்கரம் முன்னும் இடதுமாகத் தள்ளும். பின் சக்கரங்களில் இது தலைகீழ்: பின் இடது இடப்பக்கமும், பின் வலது வலப்பக்கமும் தள்ளும். நான்கும் சேர்ந்து முன்னே சுழன்றால் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வண்டி நேரே போகிறது. முன் இடதும் பின் வலதும் பின்னோக்கி, மற்ற இரண்டும் முன்னோக்கி என்று சுழற்றினால் முன்-பின் விசைகள் அழிந்து, இடப்பக்க விசை மட்டும் மிஞ்சுகிறது. வண்டி இடப்பக்கம் நகர்கிறது.

இந்தக் கணக்கை நான்கே வரிகளில் எழுதலாம். முன்னோக்கிய வேகம் vx, இடப்பக்க வேகம் vy, இடஞ்சுழியாகத் திரும்பும் வேகம் w. வண்டியின் நடுவிலிருந்து சக்கரம் முன்னே அல்லது பின்னே எவ்வளவு தள்ளியிருக்கிறது, பக்கத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற இரண்டு தொலைவுகளின் கூட்டுத்தொகை L. கிடைப்பது ஒவ்வொரு சக்கர விளிம்பின் வேகம்:

```
FL = vx - vy - L*w
FR = vx + vy + L*w
RL = vx + vy - L*w
RR = vx - vy + L*w
```

FL முன் இடது, FR முன் வலது, RL பின் இடது, RR பின் வலது. 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரங்கள், L 300 மி.மீ. என்று ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 500 மி.மீ. வேகத்தில் 2 நொடி இடப்பக்கம் போகச் சொல்கிறோம். நான்கு சக்கரங்களின் விளிம்பும் நொடிக்கு 500 மி.மீ. ஓட வேண்டும், முன் இடதும் பின் வலதும் பின்னோக்கி, மற்றவை முன்னோக்கி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 சுற்று. தாளில் பார்த்தால் ரோபோ சரியாக 1 மீட்டர் நகர்ந்து நிற்கிறது.

தரையில் அப்படி நிற்பதில்லை. காரணம் உருளைகளில் இருக்கிறது. வண்டி நேரே போகும்போது தரையைத் தொடும் உருளை சுழலவே தேவையில்லை. சாதாரணச் சக்கரம் போலத்தான் நடக்கிறது. பக்கவாட்டில் போகும்போதோ உருளையின் மேற்பரப்பு வண்டியைவிட 1.41 மடங்கு வேகமாக ஓட வேண்டும். உருளையின் விட்டம் 20 மி.மீ. என்றால், நமது ரோபோவில் அது நிமிடத்துக்குச் சுமார் 675 சுற்று. சக்கரத்தில் 10 உருளைகள் இருந்தால் ஒவ்வொன்றும் தரையில் இருப்பது ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் அது வேகம் பிடித்தாக வேண்டும். புதர்த் தாங்கியில் உராய்வு கூடினாலோ, முடியும் தூசும் சுற்றிக்கொண்டாலோ உருளை தயங்கும். தயங்கும் நேரமெல்லாம் ரப்பர் தரையில் தேய்ந்து வழுக்கும். போதாததற்கு, சக்கரத்தின் பிடிப்பு 45 பாகையில் சாய்ந்திருப்பதால், போகிற திசைக்கு உதவுவது அதில் 70 சதவீதம் அளவே. திடீரென்று வேகமெடுத்தால் சாதாரண டயர் தாங்குகிற இடத்தில் இது வழுக்கிவிடும்.

நான்கு சக்கரங்களும் ஒரே அளவு வழுக்கினால் பாதகம் குறைவு. ரோபோ கொஞ்சம் முன்கூட்டியே நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் பேட்டரி பின்பக்கம் இருந்து முன்பக்கம் இலகுவாக இருந்தால், முன் சக்கரங்கள் மட்டும் கூடுதலாக வழுக்கும். அந்த இரண்டும் 5 சதவீதம் வழுக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்புறம் நொடிக்கு 475 மி.மீ., பின்புறம் 500 மி.மீ. என்று இடப்பக்கம் இழுக்கின்றன. 2 நொடி முடிவில் ரோபோ 25 மி.மீ. குறைவாக நகர்ந்திருக்கும். அது பெரிதில்லை. முன்புறம் பின்தங்கியதால் அதன் முகம் வலப்பக்கமாக 4.8 பாகை திரும்பியிருக்கும். போகிற வழியிலேயே திரும்பியதால் 4 செ.மீ. முன்னேயும் வந்திருக்கும். இப்போது 3 மீட்டர் நேரே போகச் சொன்னால், போய்ச் சேரும் இடம் 25 செ.மீ. வலப்பக்கம் விலகியிருக்கும். வழுக்கலில் தொலைவுப் பிழையை விடத் திசைப் பிழையே ஆபத்தானது. அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு மீட்டரிலும் பிழை வளர்ந்துகொண்டே போகும்.

இது நடந்தது ரோபோவுக்குத் தெரியாது. மோட்டாரோடு பொருத்திய என்கோடர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுமே தவிர, தரை எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணாது. என்கோடர்படி 1 மீட்டர், திருப்பம் பூஜ்யம்.

ஒருவகை வழுக்கலை மட்டும் என்கோடரை வைத்தே பிடிக்கலாம். மேலுள்ள வரிகளில் FL, FR இரண்டையும் கூட்டினால் 2vx. RL, RR கூட்டினாலும் 2vx. இரண்டு கூட்டுத்தொகைகளும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். ஒரு மோட்டார் மெதுவாகச் சுழன்று இந்தச் சமன் குலைந்தால், சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன, ஏதோ ஒன்று கட்டாயம் வழுக்குகிறது என்று பொருள். சமன் சரியாக இருப்பதால் வழுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. நம் உதாரணத்தில் நான்கு மோட்டார்களும் சொன்னபடியே சுழன்றன.

ஆகவே தரையிலேயே அளந்து பார்க்க வேண்டும். தரையில் டேப் ஒட்டி, ரோபோவின் முன் மூலைக்கும் பின் மூலைக்கும் நேரே சாக்பீஸால் குறி போட்டு, 1 மீட்டர் பக்கவாட்டில் விடுங்கள். இரண்டு மூலைகளும் டேப்பிலிருந்து எவ்வளவு விலகின என்று தனித்தனியே அளந்தால் தொலைவுப் பிழையும் திசைப் பிழையும் பிரிந்து தெரியும். பலரும் தொலைவு குறைவதைப் பார்த்து, கட்டளையை 1.03 போன்ற எண்ணால் பெருக்கிச் சரிசெய்கிறார்கள். அந்த எண் அந்தத் தரைக்கும் அந்தச் சுமைக்கும் மட்டுமே பொருந்தும். திசைப் பிழையை அது தொடுவதே இல்லை.

முதலில் வழுக்கலைக் குறைக்க வேண்டும்: எடையை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிர்வது, வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவது, உருளைகளைச் சுத்தம் செய்வது. விறைப்பான சட்டகம் மேடுபள்ளமான தரையில் மூன்று சக்கரங்களில்தான் நிற்கும். முன் அச்சை நடுவில் ஊசலாட விட்டால் நான்காவதும் தரையில் பதியும். அதன்பின் அளவையை மோட்டாரிலிருந்து பிரித்துவிட வேண்டும். திசைக்கு ஒரு கைரோ. தொலைவுக்கு, மோட்டார் இல்லாத சின்னச் சக்கரங்கள் இரண்டை, ஒன்று முன்-பின்னாகவும் மற்றது பக்கவாட்டிலும், ஸ்பிரிங்கால் தரையில் அழுத்தி அவற்றில் என்கோடர் பொருத்துவது. எதையும் இழுக்க வேண்டியிராத சக்கரம் வழுக்குவது மிகக் குறைவு. கைரோவும் நேரம் போகப்போக மெல்ல நழுவும் என்பதால், நீண்ட ஓட்டத்தில் கேமராவோ லேசர் அளவியோ சுவரையோ ஒரு குறியையோ பார்த்து இடத்தை அவ்வப்போது திருத்த வேண்டும். நான்கு வரிச் சமன்பாடு ரோபோவை எப்படி நகர்த்துவது என்று சொல்லும். அது எங்கே நிற்கிறது என்பதைத் தரையிடம்தான் கேட்க வேண்டும்.