லொறியின் உள் டயர் தின்னும் லாபம்

லொறி வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர்களிடம் டீசல் கணக்கைக் கேட்டால் விரல் நுனியில் சொல்வார்கள். டயர் கணக்கைக் கேட்டால் "வெடிச்சா மாத்துவோம்" என்பதோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் மரக்கறியும் பெரிய வெங்காயமும் ஏற்ற, ஆறு சில்லு லொறிகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது டயரும் அதில் அகப்பட்டது. காசு இருந்தும் டயர் கிடைக்காத அந்தக் காலத்தில்தான், களஞ்சியத்தில் கிடந்த ஆறு பழைய டயர்களை ரீபில்ட் செய்யக் கொண்டு போனேன்.

பொறுப்பாக இருந்தவர் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நான்கைத் திருப்பித் தந்தார். எனக்குக் கோபம் வந்தது. வெளியே பார்த்தால் வெட்டில்லை, கிழிசலில்லை. அவர் ஒன்றும் பேசாமல் டயருக்குள்ளே மின்குமிழைப் பிடித்துக் காட்டினார். உட்சுவரைச் சுற்றி வளையம் போட்டது போல இறப்பர் சுருங்கி, நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. கையை விட்டுத் தடவினேன், கருந்தூள் ஒட்டிக்கொண்டது.

"முதலாளி, இது காத்துக் குறைவா ஓடின டயர். உள்ளே நூல் செத்துப் போச்சு. மேலே புது இறப்பர் போட்டாலும் பாரத்துக்குச் சுவர் கிழியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து டிரைவரிடம் விசாரித்தபோது, அந்த நான்கும் பின்சில்லு ஜோடியில் உட்புறம் ஓடியவை என்று தெரிய வந்தது.

ஏன் உள் டயர் மட்டும் இப்படிக் கெடுகிறது? அதன் காற்று வாய் வெளிச்சில்லின் துவாரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கை கறுக்கும், நேரம் போகும் என்பதால் யாரும் தொடுவதில்லை. நம் பாதைகள் நடுவே உயர்ந்து ஓரம் தாழ்ந்தவை. அதனால் ஜோடியில் உள் டயர்தான் கூடுதல் பாரத்தைத் தாங்குகிறது. பிரேக் வெக்கையும் அதற்குத்தான். பாரத்தோடு பலகடுவை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்து நிறுத்திய லொறியின் பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், தெரியும். உள் டயரில் காற்று குறைந்தாலும் வெளி டயர் தாங்கிப் பிடிப்பதால் லொறி சாயாது, டிரைவருக்கும் தெரியாது. சுவர் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள் வேகும்.

நம் பையன்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அடியோடு காற்றுப் போன டயரைத்தான் அந்தச் சத்தம் காட்டிக் கொடுக்கும். நூறு இறாத்தலையும் எழுபது இறாத்தலையும் பிரித்தறியும் காது எவருக்கும் இல்லை. இரண்டு பக்கமும் வாயுள்ள, நீளக் கைப்பிடி கொண்ட காற்றுமானி ஒன்று வாங்கினால் உள் டயருக்கும் எட்டும். வாய் நீட்டிப்புக் குழாயையும் மூடிகளையும் சேர்த்து வாங்குங்கள். மூடி இல்லாத வாயில் மண் புகுந்தால் அதுவே கசிவுக்கு வழி.

அளக்கும் நேரம் முக்கியம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு, லொறி அசையுமுன் அளக்கிறோம். டயர் குளிர்ந்திருக்கும்போது காட்டுவதே சரியான கணக்கு. பாரத்தோடு ஓடி வந்த டயர் 10, 15 இறாத்தல் கூடக் காட்டும். அது வெக்கையின் கணக்கு. "கூடிப் போச்சு" என்று அதைத் திறந்து விடுவதுதான் பெரிய பிழை. விடிந்ததும் அதே டயர் குறைவாக நிற்கும். எவ்வளவு காற்று என்பதை உங்கள் டயர் அளவுக்கும் ஏற்றும் பாரத்துக்கும் ஏற்றபடி கம்பனி அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லொறிகளுக்கு 100 இறாத்தல். அதில் ஐந்து பங்கில் ஒன்று குறைந்து 80க்கு வந்த டயர் ஓடியிருந்தால், அதற்குக் காற்றடித்து அனுப்புவதில்லை. கழற்றி உள்ளே பார்க்கிறோம். நூல் அறுந்த சுவர் காற்றடிக்கும்போதே வெடித்து, பக்கத்தில் நிற்பவரின் உயிரைக் குடிக்கும்.

ஜோடி சேர்ப்பதிலும் நாம் கவனமில்லை. புதியதொன்றையும் தேய்ந்ததொன்றையும் பக்கத்தில் பூட்டி விடுகிறோம். விட்டத்தில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர், வித்தியாசம் என்றால் சுற்றளவில் 19 மில்லிமீற்றர் வரும். 10.00-20 டயர் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 300 தடவை சுழல்கிறது. இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை. ஆகவே கிலோமீற்றருக்கு 6 மீற்றர் அளவுக்கு ஒன்றையொன்று தரையில் இழுத்துத் தேய்க்கிறது. அதனால் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசமுள்ள டயர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. சிறு வித்தியாசம் இருந்தால் பெரியதை வெளியே போடுகிறோம், பாதையின் சரிவு அதைச் சமன் செய்யும்.

இடம் மாற்றுவதற்கும் இதுவே வழி காட்டும். புது டயர் முன்னுக்குப் போகும். பாதி தேய்ந்ததும் இரண்டையும் சேர்த்தே பின்னுக்கு அனுப்பி ஒரு ஜோடியாக்குகிறோம். முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் இடம் மாற்றிப் பயனில்லை. முதலில் சில்லு நேர் பார்க்க வேண்டும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூடுதல்.

ரீபில்ட், நாம் டெக் என்று சொல்வது, புது டயரின் விலையில் பாதியும் ஆகாது. ஆனால் அந்த லாபம் பழைய டயரின் உடம்பு கெடாமல் இருந்தால்தான் கிடைக்கும். மேல் இறப்பர் 3 மில்லிமீற்றர் மிஞ்சியிருக்கும்போதே கழற்றி விடுகிறேன். நூல் தெரியும்வரை ஓட்டினால் கல் குத்தி, ஈரம் இறங்கி, உடம்பே போய்விடும். ரீபில்ட் டயரை முன்சில்லில் நான் போடுவதில்லை. போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்; அது அவரவர் துணிச்சல்.

இனி டீசல். 2021 டிசம்பரில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூனில் 460 ஆனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். எல்லா டயரிலும் 10 இறாத்தல் குறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு வீதம் டீசல் கூடும் என்பது டயர் கம்பனிகளின் பொதுக் கணக்கு. என் லொறி ஒன்று மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுகிறது, லீட்டருக்கு 5 கிலோமீற்றர். ஆக 800 லீட்டர். காற்று 20 இறாத்தல் குறைவென்றால் 16 லீட்டர் வீண். லீட்டர் 300 ரூபா என்று வைத்தாலும் 4,800 ரூபா. மூன்று லொறிக்கு வருடத்தில் 1,72,800. இது சமதரையில் சரியாக வரும். மாத்தளை மலைப்பாதையில் ஏற்றமே டீசலின் பெரும் பங்கைத் தின்பதால் வீதம் கொஞ்சம் குறையும். எப்படிப் பார்த்தாலும் இந்தத் தொகைக்குள், உள் டயர் உடம்பு கெட்டு ரீபில்டுக்கு ஆகாமல் போன நட்டம் இல்லை. என் கணக்கில் அதுதான் பெரியது.

இப்போது ஒவ்வொரு டயருக்கும் சூட்டு இலக்கம் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு ஓடியது, வெள்ளிக்கிழமை எவ்வளவு காற்று என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். கடைசியாக ரீபில்டுக்கு அனுப்பிய ஆறில் ஐந்தை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்த ஒன்று, இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கிச் சுவர் அறுந்தது. அதற்குப் பிறகு இறக்கிய இடத்திலேயே டோர்ச் அடித்து ஜோடியின் நடுவைப் பார்க்கும் வேலையையும் கிளீனருக்குக் கொடுத்திருக்கிறேன்.